நான்கு அகழிகள், ஒரே லாபம்: எந்த நிறுவனத்தின் லாபம் நிலைக்கும்?

பங்குகளை அலசுபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கையில் இரண்டு நிறுவனங்கள். இரண்டுமே போட்ட மூலதனத்துக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் சம்பாதிக்கின்றன. ஒன்றிடம் காப்புரிமை இருக்கிறது. இன்னொன்றின் வாடிக்கையாளர்கள் அதை விட்டுப் போக முடியாதபடி பின்னிக்கிடக்கிறார்கள். கோட்டையைச் சுற்றிய அகழிபோல, போட்டியாளரை உள்ளே விடாமல் லாபத்தைக் காக்கும் தடையைத்தான் அகழி என்பார்கள். இரண்டுக்கும் "அகழி இருக்கிறது" என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். சரி, எதை எடுப்பது?

20 சதவீத லாபம் ரகசியமாக இருக்காது. ஆண்டறிக்கையில் அச்சாகி வரும். பணம் வைத்திருக்கும் யாரும் அதைப் பார்த்து "நாமும் இதில் இறங்கலாமே" என்று நினைப்பார்கள். அவர்கள் இறங்கினால் விலை குறையும், லாபம் கரையும். இறங்கவில்லை என்றால், அல்லது இறங்கியும் முடியவில்லை என்றால், அவர்களை எது தடுத்தது என்று திட்டமாகச் சொல்லத் தெரிய வேண்டும். "நல்ல பெயர்", "திறமையான நிர்வாகம்" என்பதெல்லாம் அதற்குப் பதில் ஆகாது. நிர்வாகியை நாளைக்கே அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையில் நான்கு தடைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: காப்புரிமை, அளவின் பலம், மாறுவதற்கு ஆகும் செலவு, நகலெடுத்தால் நகலெடுப்பவருக்கே நஷ்டம் என்ற நிலை. பயனர் கூடக் கூடச் சேவையின் மதிப்பு கூடும் வலைப்பின்னல் விளைவையும் பிராண்டையும் விட்டுவிட்டேன். அவை சின்ன விஷயங்கள் என்பதால் அல்ல. தனித்தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியவை.

## முதலில் அளவுகோல்கள்

எந்த அகழியையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம்.

ஒன்று, போட்டியாளர் எதைச் செய்ய முடியாமல் நிற்கிறார்? பொருளைத் தயாரிக்கவே முடியவில்லையா, தயாரித்தும் விலை கட்டவில்லையா, விலை கட்டியும் வாங்க ஆளில்லையா, எல்லாம் முடிந்தும் மனம் வரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

இரண்டு, அகழியைப் பராமரிக்க என்ன செலவாகிறது? இதுதான் பெரும்பாலும் கணக்கில் வராமல் போகும் செலவு.

மூன்று, உடைந்தால் எப்படி உடையும்? ஒரே நாளில் சரியுமா, மெல்ல மெல்ல வற்றுமா? மதிப்பிடும் கணக்கே இதை வைத்துத்தான் மாறும்.

நான்கு, உடையத் தொடங்கியது வெளியில் இருந்து பார்ப்பவருக்கு எதில் தெரியும்?

இவற்றோடு ஒரு எளிய கணக்கையும் கையில் வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் மூலதனம் 1000 கோடி. ஆண்டுக்கு 200 கோடி சம்பாதிக்கிறது. அதே அளவு அபாயமுள்ள வேறு இடத்தில் போட்டால் 12 சதவீதம், அதாவது 120 கோடி, கிடைத்திருக்கும். மிச்சம் 80 கோடிதான் உபரி லாபம். அகழி காப்பாற்றுவது இந்த 80 கோடியை மட்டும்தான். வளர்ச்சி எதுவும் இல்லை என்று வைத்து, வருங்காலத்தில் வரும் பணத்தை அதே 12 சதவீதத்தில் தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், இந்த 80 கோடி 5 ஆண்டு நீடிப்பதன் மதிப்பு சுமார் 288 கோடி. 10 ஆண்டென்றால் 452, 20 ஆண்டென்றால் 598. ஆக, நிறுவனத்தின் மதிப்பு முறையே 1288, 1452, 1598 கோடி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் 10 ஆண்டு தரும் 452-உடன் ஒப்பிட்டால், அடுத்த 10 ஆண்டு சேர்ப்பது வெறும் 146. வளராத நிறுவனத்துக்கு "இந்த அகழி காலாகாலத்துக்கும் நிற்கும்" என்று சொல்லி விலையை ஏற்றுவதில் பெரிய அர்த்தமில்லை. சம்பாதித்ததை அதே 20 சதவீதத்தில் திரும்பப் போட இடமிருந்தால்தான் நீண்ட ஆயுள் உண்மையில் விலை பெறும்.

## காப்புரிமை: தேதி போட்ட அகழி

இங்கே போட்டியாளருக்குத் தயாரிக்கத் தெரியும். சட்டம் தடுக்கிறது, அவ்வளவுதான். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்பது உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட குறைந்தபட்ச வரையறை. ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது விற்பனை தொடங்கிய நாளில் அல்ல, விண்ணப்பம் போட்ட நாளில். மருந்துத் துறையில் பரிசோதனைகளும் அனுமதியும் பல ஆண்டுகளை விழுங்கிவிடும்.

ஃபைசரின் கொழுப்புக் குறைப்பு மருந்தான லிப்பிட்டர் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1997-இல் சந்தைக்கு வந்தது. 2006-இல் ஆண்டு விற்பனை சுமார் 1290 கோடி டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் 2011 நவம்பர் இறுதியில் அதன் பாதுகாப்பு முடிந்தது. 2011-இல் சுமார் 960 கோடி டாலராக இருந்த உலக விற்பனை, 2012-இல் 395 கோடி டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. மருந்து அதே மருந்து, நோயாளிகளும் அதே நோயாளிகள். ஒரு தேதி கடந்தது, பாதிக்கு மேல் போய்விட்டது.

மறைவான செலவு இரண்டு வகை. ஒன்று, வழக்குச் செலவு. காப்புரிமை என்பது நீதிமன்றத்தில் போராடும் உரிமை. போராடுவது நாம்தான். இரண்டாவது, அடுத்த மருந்தைத் தேடும் ஆராய்ச்சிச் செலவு. இன்றைய லாபத்தில் கணிசமான பங்கை அதில் போட்டால்தான் நாளைக்கு நிறுவனம் இருக்கும். இந்தச் செலவை "விருப்பச் செலவு" என்று ஒதுக்கிவிட்டு லாபத்தைப் பார்ப்பவர், அகழியை இலவசம் என்று நினைக்கிறார்.

காப்புரிமையின் இன்னொரு எல்லை, அது நகலைத் தடுக்கும், மாற்றைத் தடுக்காது. போலராய்டு நிறுவனம் உடனடிப் படக் காமிரா விவகாரத்தில் கோடாக் மீது 1976-இல் வழக்குப் போட்டது. 1985-இல் வென்றது. 1986 ஜனவரியில் கோடாக் அந்தத் தொழிலை விட்டே வெளியேறியது. கடைசியில் சுமார் 92.5 கோடி டாலர் கொடுக்கவும் நேர்ந்தது. காப்புரிமை வழக்குகளில் இவ்வளவு முழுமையான வெற்றி அபூர்வம். ஆனாலும் 2001-இல் போலராய்டு திவாலானது. டிஜிட்டல் காமிரா அந்தக் காப்புரிமைகள் எதையும் மீறவில்லை. மீற வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

காப்புரிமை சிறந்த தேர்வாகும் இடமும் உண்டு. பொருள் சட்டத்தில் தெளிவாக வரையறுக்கக் கூடியதாக இருக்க வேண்டும் (ஒரு மூலக்கூறு அப்படி; ஒரு மென்பொருள் யோசனை அப்படி அல்ல). மாற்று வழி கடினமாக இருக்க வேண்டும். முக்கியமாக, கொடுக்கும் விலையில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்கு மேல் எதையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும்.

தொழில் ரகசியம் இதற்கு உறவுக்காரன். அதற்குத் தேதி கிடையாது. ஆனால் இன்னொருவர் தானாகக் கண்டுபிடித்தால் சட்டம் கைகொடுக்காது.

## அளவின் பலம்: சந்தை வளர்ந்தால் மெலியும் அகழி

"பெரிய நிறுவனம், அதனால் பாதுகாப்பு" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பெரிதாக இருப்பது மட்டும் போதாது. நிலையான செலவு, சந்தையின் அளவோடு ஒப்பிடும்போது பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஒரு பொருளின் விலை 100. அதைத் தயாரிக்க நேரடிச் செலவு 70. இதற்கு மேல், எத்தனை விற்றாலும் ஆண்டுக்கு 60 கோடி நிலையான செலவு: கிடங்கு, விளம்பரம், ஆராய்ச்சி. முன்னணி நிறுவனம் 6 கோடிப் பொருட்கள் விற்கிறது. நிலையான செலவு ஒன்றுக்கு 10, லாபம் 20. புதிதாக வருபவர் 1 கோடி விற்கிறார். அவருக்கு நிலையான செலவு ஒன்றுக்கு 60, நஷ்டம் 30. அவரிடம் அதே இயந்திரம், அதே ஆட்கள், அதே திறமை எல்லாம் இருக்கலாம். இருந்தும் நஷ்டம்.

இப்போது சந்தை 10 மடங்கு வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பங்குகள் மாறவில்லை. முன்னணி நிறுவனம் 60 கோடி விற்கிறது, லாபம் ஒன்றுக்கு 29. சின்னவர் 10 கோடி விற்கிறார். அவருக்கு நிலையான செலவு ஒன்றுக்கு 6, லாபம் 24! நஷ்டத்தில் மூச்சு முட்டியவர் இப்போது நிம்மதியாக வாழ்கிறார். அடுத்து நான்கு பேர் வருவார்கள். (நடைமுறையில் நிலையான செலவும் ஓரளவு ஏறும், ஆனால் 10 மடங்கு ஏறாது.) அளவை நம்பி நிற்கும் நிறுவனத்துக்குச் சந்தை வேகமாக வளர்வது நல்ல செய்தி என்று எல்லா அறிக்கைகளும் எழுதும். அகழியைப் பொறுத்தவரை அது கெட்ட செய்தி. மெதுவாக வளரும், நடுத்தர அளவிலான சந்தைதான் இந்த அகழிக்கு ஏற்ற இடம்.

எந்தச் சந்தை என்பதும் முக்கியம். வால்மார்ட் அமெரிக்காவில் கடைகளைத் தூவிவிடவில்லை. ஒரு விநியோக மையத்தை வைத்து, அதிலிருந்து லாரி ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் கடைகளை நெருக்கமாக நிரப்பியது. ஒரு வட்டாரத்தில் அடர்த்தி வந்ததும் அடுத்த வட்டாரம். அதன் செலவுப் பலம் இந்த அடர்த்தியில் இருந்தது. 1997 இறுதியில் ஜெர்மனிக்குள் நுழைந்தபோது அது உலகின் மிகப்பெரிய சில்லறை வணிகர். ஆனால் ஜெர்மனியில் அடர்த்தி ஆல்டி, லிடில் போன்ற உள்நாட்டு மலிவு விலைக் கடைகளிடம் இருந்தது. வால்மார்ட்டிடம் இருந்தவை 100-க்கும் குறைவான கடைகள். கலாசாரப் பொருத்தமின்மை, தொழிலாளர் சட்டம் என்று வேறு காரணங்களும் சொல்வார்கள், அவற்றிலும் உண்மை இருக்கிறது. 2006-இல் கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. உலக அளவில் யார் பெரியவர் என்பது அந்த நாட்டு லாரியின் ஓட்டத்தைக் குறைக்கவில்லை.

மறைவான செலவு: பங்கை விடாமல் காக்க வேண்டும். போட்டியாளர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும். அப்போது 1 கோடி விற்பவருக்குக் குறைவது 1 கோடிப் பொருட்களின் மேல், நமக்குக் குறைவது 6 கோடியின் மேல். இந்த வலியைத் தாங்காமல் "லாப விகிதத்தைக் காப்போம்" என்று பங்கை விட்டுக்கொடுக்கும் நிர்வாகம், ஒரு காலாண்டு அறிக்கையை அழகாக்கி அகழியைத் தூர்க்கிறது. உடைவதற்கான அறிகுறியும் அங்கேயே: லாப விகிதம் ஏறிக்கொண்டிருக்கும், சந்தைப் பங்கு இறங்கிக்கொண்டிருக்கும்.

## மாறுவதற்கு ஆகும் செலவு: பழையவரைக் கட்டும், புதியவரைக் கட்டாது

போட்டியாளரால் தயாரிக்க முடியும், விலையும் கட்டுபடியாகும். ஆனால் நம் வாடிக்கையாளர் நகர மாட்டார். நகர்வதற்கே பணமும் காலமும் அபாயமும் ஆகும்.

அந்த அபாயம் எப்படிப்பட்டது என்பதற்கு ஹெர்ஷீஸ் சாக்லேட் நிறுவனத்துக்கு 1999-இல் நேர்ந்ததைப் பார்க்கலாம். ஆர்டர், கிடங்கு, விநியோகம் எல்லாவற்றையும் புதிய மென்பொருள் தொகுப்புக்கு மாற்றினார்கள். 48 மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட வேலை, 30 மாதத்துக்குச் சுருக்கப்பட்டது. ஜூலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது, இனிப்பு அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் காலம். கிடங்கில் சரக்கு இருந்தது, அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் நின்றன. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் குறைந்தது. இதைப் படித்த எந்த நிதி அதிகாரியும் "20 சதவீதம் மலிவு" என்ற ஒரே காரணத்துக்காகத் தன் மென்பொருளை மாற்றத் துணிவாரா?

கணக்கிலும் அதுதான் தெரியும். வாடிக்கையாளர் ஆண்டுக்கு 1 கோடி கட்டுகிறார். மாற ஒரு முறை 3 கோடி செலவு. போட்டியாளர் 20 சதவீதம் குறைவாகத் தருகிறார். மிச்சமாவது ஆண்டுக்கு 20 லட்சம். போட்டதை எடுக்க 15 ஆண்டு. மாற மாட்டார். இதைக் கண்டு நிறுவனம் தெம்பாகி விலையை இரட்டிப்பாக்குகிறது. போட்டியாளர் விலை அதே 80 லட்சம். இப்போது மிச்சம் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம். போட்டது இரண்டரை ஆண்டில் திரும்பிவிடும். ஆக, இந்த அகழிக்கு ஒரு உயரம் உண்டு. அதைத் தாண்டி விலையை ஏற்றினால் வாடிக்கையாளரே பாலம் கட்டிக்கொண்டு வெளியேறுவார்.

மறைவான செலவு எங்கே? வாடிக்கையாளரைப் பிடிக்கும் முதல் நாளில். சிக்கியவர் பல ஆண்டு விட மாட்டார் என்பது போட்டியாளருக்கும் தெரியும். அதனால் முதல் ஒப்பந்தத்துக்கு எல்லாரும் அடித்துக்கொள்வார்கள்: தள்ளுபடி, இலவச நிறுவல், நீண்ட விற்பனை முயற்சி. பிற்கால லாபத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே கரைந்துவிடலாம். போட்டி மந்தமாக இருந்த காலத்திலேயே வாடிக்கையாளரைச் சேர்த்துவிட்ட நிறுவனம்தான் உண்மையில் சம்பாதிக்கிறது. இன்று புதிதாகத் தொடங்கி "நாங்களும் கட்டிப்போடுவோம்" என்பவருக்கு அதே லாபம் வராது.

இது பெரும்பாலும் மெல்ல வற்றும். ஆனால் அடித்தளம் மாறும்போது வேகம் கூடிவிடும். டாஸ் காலத்தில் லோட்டஸ் 1-2-3 அட்டவணை மென்பொருளின் அரசன். அதன் விசைகளும் மேக்ரோக்களும் பயனர்களின் விரலில் ஊறியிருந்தன. 1990-இல் விண்டோஸ் 3.0 வந்து அலுவலகங்கள் அதற்கு நகர்ந்தபோது, எப்படியும் எதையோ புதிதாகக் கற்க வேண்டிய நிலை. அந்த ஒரு தடவை, மாறும் செலவு இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. விண்டோஸில் ஏற்கெனவே இருந்த எக்ஸெல் அந்த இடைவெளியில் முந்திக்கொண்டது.

அறிகுறி எதில் தெரியும்? புதுப்பித்தல் விகிதத்தில் தேடாதீர்கள்; அது கடைசி வரை அழகாகவே இருக்கும். இந்த ஆண்டு முதல் முறையாக வாங்குபவர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கு எந்தக் கட்டும் இல்லை. அவர்கள் வேறு இடம் போகத் தொடங்கினால், இன்றைய லாபம் பழைய தலைமுறை வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் வருகிறது என்று அர்த்தம்.

## நகலெடுத்தால் நகலெடுப்பவருக்கே நஷ்டம்

நான்கில் எனக்கு மிகவும் சுவாரசியமானது இது. இங்கே ரகசியமும் இல்லை, சட்டமும் இல்லை. எல்லாம் திறந்துகிடக்கிறது. போட்டியாளர் டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்தும் அவரால் செய்ய முடிவதில்லை.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1973 முதல் 2019 வரை தொடர்ந்து 47 ஆண்டுகள் லாபம் காட்டியது. விமானத் தொழிலில் இது நம்பக் கடினமான சாதனை. 1972-இல் அதனிடம் இருந்தவை நான்கு விமானங்கள். பண நெருக்கடியில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் கால அட்டவணையைக் குறைக்கவில்லை. மூன்றை வைத்து நான்கின் வேலையைச் செய்ய, தரையில் நிற்கும் நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்தார்கள். ஒரு விமானம் நாளைக்கு 8 முறை பறக்கிறது, ஒவ்வொரு முறையும் தரையில் அரை மணி நேரம் மிச்சம் என்றால், மொத்தம் 4 மணி நேரம். குறுந்தூரப் பயணத்தில் அது இன்னும் இரண்டு மூன்று பறப்பு. அதே விமானம், அதே தவணை, அதிக டிக்கெட்.

அந்த வேகம் தனியாக வரவில்லை. இருக்கை எண் கொடுக்கவில்லை, அதனால் சீக்கிரம் ஏறினார்கள். சாப்பாடு கிடையாது, அதனால் ஏற்றி இறக்க ஒன்றுமில்லை. மற்ற நிறுவனங்களின் விமானத்துக்குப் பெட்டியை மாற்றித் தரவில்லை, அதனால் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பெரும்பாலும் போயிங் 737 மட்டுமே, அதனால் எந்த விமானிக்கும் எந்த விமானமும் பழக்கம். ஒவ்வொன்றும் வாடிக்கையாளருக்கு எதையோ மறுத்தது. அந்த மறுப்புதான் அடுத்ததைச் சாத்தியமாக்கியது.

1993-இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் இதைக் குறிவைத்து கான்டினென்டல் லைட் என்ற சேவையைத் தொடங்கியது. சாப்பாட்டையும் முதல் வகுப்பையும் எடுத்தார்கள், கட்டணத்தைக் குறைத்தார்கள், புறப்பாடுகளைக் கூட்டினார்கள், தரை நேரத்தைச் சுருக்கப் பார்த்தார்கள். ஆனால் மற்ற வழித்தடங்களில் அவர்கள் முழுச் சேவை நிறுவனமாகவே இருந்தார்கள். அதனால் பயண முகவர்கள், பெட்டி மாற்றிக் கொடுப்பது, இருக்கை எண் எல்லாம் தொடர்ந்தன. இணைப்பு விமானத்தின் பெட்டி வரும் வரை லைட் விமானம் காத்து நின்றது. தாமதமும் ரத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு 1000 புகார்கள் வந்தன. மலிவுக் கட்டணத்தில் முகவர்களுக்கு வழக்கமான கமிஷன் கட்டுபடியாகவில்லை. லைட்டுக்கு மட்டும் குறைக்கவும் வழியில்லை. அதனால் எல்லா வழித்தடங்களிலும் குறைத்தார்கள். அடிக்கடி பறப்போருக்கான சலுகையிலும் அதே கதை. முடிவில், முழுக் கட்டணம் தந்துகொண்டிருந்த நல்ல வாடிக்கையாளர்களும் முகவர்களும் கோபித்துக்கொண்டார்கள். 1995-இல் லைட் மூடப்பட்டது.

இந்த அகழியின் உள்வேலை இதுதான். கான்டினென்டலுக்கு வேகமாக ஆள் ஏற்றத் தெரியாமல் இல்லை. சவுத்வெஸ்ட் ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே காசு தரும் தன் தொழிலை அது கைவிட வேண்டியிருந்தது.

பராமரிப்புச் செலவு பணமாக வராது, சபலமாக வரும். "இதையும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் வருமானம் வருமே" என்று ஒவ்வொரு ஆண்டும் யாரோ சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் மறுக்க வேண்டும். சவுத்வெஸ்ட்டே 2025-இல் இலவசப் பெட்டிக் கொள்கையைக் கைவிட்டது. 2026 ஜனவரியில் இருக்கை எண் இல்லாத முறையையும் விட்டது. வேறுபாட்டைத் தானே குறைத்துக்கொண்டால், போட்டியாளர் நகலெடுக்க வேண்டிய தேவையே இருக்காது.

இதன் பெரிய ஓட்டை, பழைய தொழில் எதுவும் இல்லாத புதியவர். அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. அயர்லாந்தின் ரயன்ஏர் 1990-களில் சவுத்வெஸ்ட் முறையைப் பார்த்தே தன்னை மாற்றியமைத்து ஐரோப்பாவில் வளர்ந்தது. வேறு சந்தை என்பதால் சவுத்வெஸ்ட்டுக்கு அடி விழவில்லை. அதே சந்தையில் வந்தால் விழும். ஆகவே இந்த அகழி இருக்கும் நிறுவனத்தைப் பார்க்கும்போது, பெரிய பழைய போட்டியாளர்களை மட்டும் எண்ணாதீர்கள். அதே முறையில் தொடங்கிய சிறியவர்களின் செலவு இவருடையதை நெருங்குகிறதா என்று பாருங்கள். நெருங்கினால், இரண்டாவது தடையாக அளவின் பலமாவது இருந்தே ஆக வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | காப்புரிமை | அளவின் பலம் | மாறும் செலவு | நகலெடுத்தால் நஷ்டம் |
|---|---|---|---|---|
| போட்டியாளரை நிறுத்துவது | சட்டம் | ஒரு பொருளுக்கான செலவு | வாடிக்கையாளரின் தயக்கம் | அவருடைய பழைய லாபம் |
| மறைவான செலவு | வழக்கு, அடுத்த ஆராய்ச்சி | பங்கைக் காக்கும் விலைக் குறைப்பு | முதல் ஒப்பந்தத்துக்கான போட்டி | தொடர்ந்து மறுக்கும் ஒழுக்கம் |
| உடையும் விதம் | ஒரே தேதியில் | சந்தை வளர வளர | மெல்ல. அடித்தளம் மாறினால் வேகமாக | புதியவர் வரும்போது |
| முதலில் பார்க்க வேண்டியது | மிச்ச ஆண்டுகள் | சந்தைப் பங்கு | முதல் முறை வாங்குபவர்கள் | அதே முறைச் சிறியவர்களின் செலவு |

## இரண்டு நிறுவனங்களுக்குத் திரும்பினால்

முதலில் சொன்ன இருவரையும் விலையோடு பார்ப்போம். இருவருக்கும் மூலதனம் 1000 கோடி, உபரி லாபம் 80 கோடி.

காப்புரிமை நிறுவனத்துக்கு இன்னும் 7 ஆண்டு மிச்சம். சந்தை கேட்கும் விலை 1300 கோடி. 7 ஆண்டு உபரியின் இன்றைய மதிப்பு சுமார் 365 கோடி. ஆக மதிப்பு 1365, விலை 1300. மலிவாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: காப்புரிமை முடிந்த பிறகும் 1000 கோடி மூலதனம் வேறு வேலையில் 12 சதவீதம் சம்பாதிக்கும் என்பது. அந்த ஒரு பொருளுக்கென்றே கட்டிய ஆலையில் 200 கோடி முடங்கி, 7 ஆண்டு கழித்து ஒன்றுக்கும் உதவாமல் போனால்? அந்த இழப்பின் இன்றைய மதிப்பு சுமார் 90 கோடி. 1365 என்பது 1275 ஆகிறது. மலிவாகத் தெரிந்தது கொஞ்சம் விலை கூடியதாக மாறிவிட்டது. எனவே இங்கே சட்ட ஆவணத்தைவிட ஆலைப் பட்டியலைப் படிப்பது பயனுள்ளது: எது பொது இயந்திரம், எது இந்த ஒரு பொருளுக்கானது?

மாறும் செலவை நம்பும் நிறுவனத்தின் விலை 1500 கோடி. இது ஒரு தேதியில் சரியாது, வற்றும். அதனால் "எத்தனை ஆண்டு" என்று கேட்காமல் "ஆண்டுக்கு எவ்வளவு வற்றும்" என்று கேட்க வேண்டும். உபரி லாபத்தை, முன்பு சொன்ன 12 சதவீதத்தையும் வற்றும் விகிதத்தையும் கூட்டி வந்த எண்ணால் வகுத்தால் இன்றைய மதிப்பு கிடைக்கும். 4 சதவீதம் வற்றினால், 80-ஐ 0.16-ஆல் வகுக்க 500. அதாவது 1500 என்ற விலைக்குள், உபரி லாபம் ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும் என்ற ஊகம் அடங்கியிருக்கிறது. 3 சதவீதம் மட்டுமே குறைந்தால் மதிப்பு 1533. 5 சதவீதம் என்றால் 1471.

இப்போது தேடவேண்டியது ஒரே ஒரு எண். விட்டுப் போகும் வாடிக்கையாளர்களையும் புதிதாக வருபவர்களையும் கூட்டிக் கழித்தால் நிகர இழப்பு எவ்வளவு? அது 4 சதவீதத்துக்குக் கணிசமாகக் கீழே இருந்து, முதல் முறை வாங்குபவர்களில் இவருடைய பங்கும் குறையாமல் இருந்தால், 1500 கொடுத்து இதை எடுப்பேன். புதியவர்கள் வேறு பக்கம் போகத் தொடங்கியிருந்தால், புதுப்பித்தல் விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தொட மாட்டேன். அந்த நிலையில், முடங்கும் மூலதனம் 100 கோடிக்குள் இருந்தால் காப்புரிமை நிறுவனமே நல்ல வாங்கல். அப்போது அதன் மதிப்பு சுமார் 1320. 1300 விலைக்குக் கட்டுபடியாகும்.